எத்தனை ரெக்கார்டுக்கு ஒரு கமிட்?

இரவு லோடு டைம்அவுட் ஆகிறது என்று டிக்கெட் வந்தால், முதல் வேலையாக யாராவது ஒருவர் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பேட்ச் சைஸை மாற்றுவார். 500 இருந்தால் 5,000 ஆக்குவார். அதுவும் சரிப்படாவிட்டால் 50,000. ஏன் அந்த எண் என்று கேட்டால் பதில் இருக்காது. பெரிசா வச்சா வேகமா போகும் என்ற நம்பிக்கைதான்.

அந்த ஒரு எண்ணுக்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. டேட்டாபேஸுக்கு ஒரே தடவையில் எத்தனை ரெக்கார்டு அனுப்புகிறோம் என்பது பேட்ச் சைஸ். எத்தனை ரெக்கார்டுக்கு ஒருமுறை கமிட் போடுகிறோம் என்பது கமிட் இன்டர்வெல். முதலாவது நெட்வொர்க் சமாச்சாரம், இரண்டாவது டிரான்ஸாக்‌ஷன் சமாச்சாரம். குழப்பத்துக்கு நம் கருவிகளும் ஒரு காரணம். ஸ்பிரிங் பேட்சில் சங்க் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால், அதன் `JdbcBatchItemWriter` அந்த மொத்த சங்க்கையும் ஒரே பேட்சாக அனுப்பி, அதன் முடிவில் கமிட்டும் ஆகிவிடும். இரண்டு குமிழ்களையும் ஒன்றாகவே திருகிப் பழகிவிடுகிறோம்.

நான் பார்த்த ஒரு காப்பீட்டு பிரீமியம் லோடை எடுத்துக்கொள்கிறேன். மெயின்ஃப்ரேமிலிருந்து வரும் ஃபைல் ஆரக்கிளில் ஒரு ஸ்டேஜிங் டேபிளுக்குப் போகும். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. அப்புறம் ஒரு ஜாவா புரோகிராம் ஸ்டேஜிங்கிலிருந்து ஒவ்வொரு ரெக்கார்டாகப் படித்து, விதிகளைப் போட்டுப் பார்த்து, லெட்ஜர் டேபிளில் இன்சர்ட் செய்யும். பாலிசியின் பாக்கித் தொகையையும் அப்டேட் செய்யும். மாதக் கடைசியில் சுமார் 40 லட்சம் ரெக்கார்டு. இரவு 11 மணிக்குத் தொடங்கி காலை 5 மணிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் ஷெட்யூலர் கொன்றுவிடும். (இதையெல்லாம் ஒரே `MERGE`-இல் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். விதிகள் ஜாவாவில்தான் இருந்தன, அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை.)

அந்த புரோகிராமில் ஆட்டோகமிட் ஆனிலேயே இருந்தது. ஜேடிபிசி-யில் நாம் அணைக்காவிட்டால் அது ஆனில்தான் இருக்கும். எங்கே நேரம் போகிறது என்று பார்க்க, லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த செஷனின் காத்திருப்புகளை எடுத்தோம்:

```sql
SELECT event, total_waits,
       time_waited_micro/1e6 AS secs
FROM   v$session_event
WHERE  sid = :sid
ORDER  BY time_waited_micro DESC;
```

மேலே வந்து நின்றது `log file sync`. கமிட் போட்டதும், ரீடூ லாக் டிஸ்க்கில் எழுதப்பட்டதென்று உறுதியாகும் வரை செஷன் நின்றிருக்கும் நேரம் அது. சராசரி 2 மில்லிசெகண்ட். நெட்வொர்க்கில் போய்வர இன்னொரு மில்லிசெகண்ட். தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. 40 லட்சத்தால் பெருக்கினால் 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம் வெறும் காத்திருப்பு. உண்மையான வேலை இரண்டரை மணி நேரம்தான். ஆக மொத்தம் 5 மணி 50 நிமிடம். மிச்சம் இருந்தது பத்தே நிமிடம்.

சில ராத்திரி மட்டும் ஏன் டைம்அவுட் ஆகிறது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை கிடைத்தது. அதே ஸ்டோரேஜில் வேறொரு பேக்கப் ஓடும் நாளில் `log file sync` 2-லிருந்து 4 மில்லிசெகண்டாக ஏறும். கூடுதலாக இரண்டேகால் மணி நேரம் போய்விடும். கோடு மாறவில்லை, டேட்டா மாறவில்லை, ஆனாலும் லோடு விழும்.

சரி, ஆட்டோகமிட்டை அணைக்க வேண்டும், அது தெளிவு. எத்தனைக்கு ஒரு கமிட் என்பதில்தான் சண்டை. பிசினஸ் தரப்பில், எல்லாம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே ஏறக் கூடாது என்றார்கள். அதனால் பேட்ச் 100, கமிட் கடைசியில் ஒரே ஒரு தடவை என்று போனது. சாதாரண நாட்களில் பிரமாதமாக ஓடியது. ஒரு மாதக் கடைசியில் ஃபைல் தாமதமாக, இரண்டரை மணிக்கு மேல் வந்தது. ஐந்து மணிக்கு ஷெட்யூலர் கொன்றபோது கிட்டத்தட்ட எல்லாம் ஏறிவிட்டிருந்தது. கமிட் மட்டும் இல்லை.

இன்சர்ட் செய்ததையெல்லாம் திரும்ப அழிக்க, அப்டேட் செய்ததையெல்லாம் பழையபடி வைக்க, ஆரக்கிள் அன்டூவைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அது முடியும் வரை அப்டேட் ஆன பாலிசி ரெக்கார்டுகள் எல்லாம் பூட்டியே இருக்கும். காலையில் கிளைகள் திறந்து, பாலிசியைத் தொட்டவர்களுக்கெல்லாம் திரை உறைந்து நின்றது. டிபிஏ ஒன்றுதான் சொன்னார்: "ரோல்பேக் ஓடிட்டிருக்குங்க, யாரும் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. திரும்ப ஏறினாலும் விட்ட இடத்துல இருந்து அதையேதான் செய்யும்." எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. `v$transaction`-இல் `used_urec` எண்ணை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு மீதியை வகுத்தால் போதும்.

அடுத்து ஊசல் மறுபக்கம் போனது. பெரிய கமிட் ஆபத்து என்றால் சின்னதாக வைப்போம், 100-க்கு ஒன்று. இந்தத் தடவை ரோல்பேக் தொல்லை இல்லை. பதிலுக்கு லோடின் நடுவில் `ORA-01555: snapshot too old` வந்தது. கமிட்டை அடிக்கடி போட்டால் அன்டூ சுமை குறையும்தானே, பிறகு அன்டூ பற்றாமல் எப்படிப் போகும் என்று பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

காரணம் படிக்கும் பக்கத்தில் இருந்தது. புரோகிராம் ஸ்டேஜிங் டேபிளில் ஒரே ஒரு கர்சரைத் திறந்து மணிக்கணக்காக அதிலிருந்தே படிக்கிறது. படித்த ரெக்கார்டை முடித்தாயிற்று என்று அதே டேபிளில் ஒரு ஃப்ளாகையும் மாற்றுகிறது. 11 மணிக்குத் திறந்த கர்சர், டேட்டா 11 மணிக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு பிளாக்கில் ஃப்ளாக் மாறியிருந்தால், மாறுவதற்கு முந்தைய உருவத்தை அன்டூவிலிருந்துதான் கட்டியெடுக்கும். ஆனால் கமிட் ஆன மாற்றத்தின் அன்டூவை எப்போதும் வைத்திருக்கும் கட்டாயம் ஆரக்கிளுக்கு இல்லை. `undo_retention`-இன் டீஃபால்ட் 900 விநாடி. அதற்கு மேல் போனது மேலெழுதப்படலாம். நாமே கமிட் போட்டு, நமக்கே தேவையான அன்டூவை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். கர்சரைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் கமிட் போடும் எந்த லோடிலும் இது காத்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100-க்கு ஒரு கமிட் என்றால் 40,000 கமிட், 2 மில்லிசெகண்ட் வீதம் 80 விநாடி. 10,000-க்கு ஒன்று என்றால் 400 கமிட், ஒரு விநாடிகூட இல்லை. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் மிச்சமாகப்போவது அந்த ஒரு விநாடிக்குள்தான். பேட்ச் சைஸிலும் இதே கதை. ஒவ்வொன்றாக அனுப்பினால் போய்வர மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நூறு நூறாக அனுப்பினால் 40 விநாடி. ஆயிரமாக்கினால் 4 விநாடி. இரண்டரை மணி நேரம் ஓடும் லோடில் அந்த 36 விநாடிக்காக ஜாவாவின் மெமரியை நிரப்புவது வீண். நூறிலேயே நிறுத்திவிட்டோம்.

லாபம் இப்படிச் சீக்கிரமே தட்டையாகிவிடுகிறது. நஷ்டம் அப்படி இல்லை, கமிட் இன்டர்வெல்லோடு சேர்ந்து நேர்க்கோடாக ஏறுகிறது. விநாடிக்கு சுமார் 440 ரெக்கார்டு என்ற வேகத்தில் 10,000 ரெக்கார்டு என்பது 23 விநாடி வேலை. விழுந்தால் அவ்வளவுதான் போகும். அதனால் கமிட் இன்டர்வெல்லை வேகத்தை வைத்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். விழுந்தால் எவ்வளவு வேலையைத் திரும்பச் செய்யத் தயார், எவ்வளவு நேரம் மற்றவர்கள் பூட்டில் காத்திருக்கலாம் என்று மட்டும் பார்க்கிறேன்.

எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து வந்த ஒரு நண்பர் 4,000-ஐத் தாண்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அங்கே அது நியாயம்தான். ஒரு ஸ்டேட்மென்ட் ஒரு டேபிளில் ஐந்தாயிரம் லாக் வாக்கில் எடுத்தால் மொத்த டேபிளுக்குமான லாக்காக அது உயரக்கூடும். ஆரக்கிளில் அந்த உயர்வே கிடையாது.

கடைசியில் மாறியது எண்ணைவிட, வெட்டும் விதம்தான். நீண்ட கர்சரையும் ஃப்ளாகையும் தூக்கிவிட்டு, பாலிசி எண் வரிசையில் துண்டு துண்டாகப் படித்தோம்:

```sql
SELECT policy_no, txn_type, amount
FROM   stg_prem
WHERE  policy_no > :last_policy
ORDER  BY policy_no
FETCH FIRST 10000 ROWS WITH TIES;
```

`policy_no`-வில் இன்டெக்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் மொத்த டேபிளையும் படிக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது `WITH TIES`. ஒரு பாலிசியின் பிரீமியமும், அதை ரத்து செய்யும் ரிவர்சலும் இரண்டு கமிட்டுகளில் பிரிந்துவிட்டால், நடுவில் பார்ப்பவருக்குப் பாக்கித் தொகை தப்பாகத் தெரியும். பத்தாயிரமாவது ரெக்கார்டு எந்தப் பாலிசியோ, அதன் மற்ற ரெக்கார்டுகளையும் இது சேர்த்தே கொண்டுவந்துவிடும். பிசினஸ் தரப்பு கேட்ட "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை"-யும் உண்மையில் பாலிசி அளவில்தான் தேவைப்பட்டது. அதிகாலை ரிப்போர்ட்டுக்கு மட்டும், அந்த இரவின் லோடு முழுதாக முடிந்த பிறகே ஓடும்படி ஒரு நிபந்தனை போட்டார்கள்.

ஒவ்வொரு துண்டும் முடிந்ததும், அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே:

```sql
UPDATE load_ctl SET last_policy = :p
WHERE  run_id = :r;
COMMIT;
```

இதைத் தனி டிரான்ஸாக்‌ஷனாக எழுதினால் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், ஏறிய துண்டு இன்னொரு தடவை ஏறும். சேர்ந்தே கமிட் ஆனால், திரும்ப ஓடவிடும்போது எங்கிருந்து என்ற கேள்வியே எழாது.

பிறகு ஷெட்யூலரின் ஐந்து மணிக் கொலையையும் எடுத்துவிட்டோம். ஒவ்வொரு துண்டு முடிவிலும் புரோகிராமே கடிகாரத்தைப் பார்க்கும். 4:50 தாண்டியிருந்தால் அடுத்த துண்டைத் தொடாமல் நின்றுவிடும். மீதியை மதியம் ஓட்டிக்கொள்ளலாம். 4:59 வரை விடலாமே என்று மேலாளர் கேட்டார். ஒரே பாலிசி எண்ணில் 60,000 ரெக்கார்டு வரும் குழுக் காப்பீடுகள் சில உண்டு. `WITH TIES` அவற்றை வெட்டாது, முழுசாகவே கொண்டுவரும். அப்படி ஒரு துண்டு முடிய இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும், ஸ்டோரேஜ் இழுக்கும் ராத்திரியில் ஐந்தாறு நிமிடமும் ஆகலாம். அதனால் 4:50 அப்படியே இருந்துவிட்டது.