கல்லடிப் பாலத்துக்கு முதலிடம், கிட்டங்கித் தாம்போதிக்கு எந்த இடம்?

மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரை, எந்த வீதித் துண்டு மூடப்பட்டால் ஓர் ஊர் தனித்துப்போகும் என்பதைக் கண்டறிய, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் சந்திகளைக் கணுக்களாகவும் வீதித் துண்டுகளை இணைப்புகளாகவும் கொண்டு பிட்வீன்னஸ் அளவைக் கணித்தேன். எல்லாக் கணுச் சோடிகளுக்கும் இடையிலான மிக விரைவான பாதைகளில் எத்தனை ஒரு துண்டின் வழியே செல்கின்றன என்பதையே அது எண்ணுகிறது.

```python
b = nx.edge_betweenness_centrality(
    H, weight="travel_time", normalized=False)
cut = set(nx.bridges(H))
```

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடிப் பக்கம் வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் உச்சியில் வந்தது. இதைச் சொல்லக் கணினி தேவையில்லை. ஆனால் அதை நீக்கினாலும் காத்தான்குடி துண்டிக்கப்படவில்லை. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையைச் சுற்றிக்கொண்டு நகரை அடைய முடிகிறது. பாதை நீளுமே தவிர அறுந்துபோவதில்லை.

மறுபுறம், உண்மையாகவே துண்டிக்கும் இணைப்புகள் பட்டியலில் மிகக் கீழே கிடந்தன. மாற்றுவழி அறவே இல்லாத இணைப்பின் அளவு, அதற்கு அப்பாலுள்ள கணுக்களை மற்றப் பக்கத்துக் கணுக்களால் பெருக்கி வருவதாகும். 5000 கணுக்கள் கொண்ட வலையமைப்பில் 12 கணுக்களே உள்ள ஒரு குக்கிராமத்தின் ஒரே வீதிக்கு 12 × 4988, அதாவது 59,856 கிடைக்கும். மொத்தச் சோடிகளோ ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம். எனவே `cut` பட்டியலைத் தனியே எடுத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் அப்பால் எத்தனை வீடுகள் உள்ளன என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தினேன். தரவை மாவட்ட எல்லையோடு வெட்டினால் எல்லையோர வீதிகளெல்லாம் முட்டுச்சந்துகளாகி இப்பட்டியலை நிரப்பிவிடும் என்பதால், பொலன்னறுவை, மொனராகலைப் பக்கங்களையும் சேர்த்தே தரவிறக்கினேன்.

இரு பட்டியல்களுக்கும் அகப்படாதது கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி. மண்டூர், வெல்லாவெளிப் பக்கமாகவும் மத்திய முகாம் பக்கமாகவும் மாற்றுவழிகள் வரைபடத்தில் இருப்பதால் அது வெட்டு இணைப்பாகாது. ஆயினும் மாரி வெள்ளம் ஒரு தாம்போதியை மட்டும் தெரிந்தெடுத்து மூழ்கடிப்பதில்லை. பிட்வீன்னஸோ ஒவ்வோர் இணைப்பையும் தனித்தே பார்க்கிறது. ஆகவே வெள்ளத்தில் மூழ்குவதாக ஊரவர் சொன்ன தாழ்ந்த துண்டுகளையெல்லாம் ஒன்றாக நீக்கி, எஞ்சிய வலையமைப்பு எத்தனை கூறுகளாகப் பிரிகிறது என்று பார்த்தேன். பின்னர் அத்துண்டுகளை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்து, எதைச் சேர்த்தால் கூடுதலான வீடுகளுக்குக் கல்முனையிலுள்ள வைத்தியசாலைக்கான வழி திரும்பக் கிடைக்கிறது என்று கணித்தேன். இந்த வரிசை பிட்வீன்னஸ் வரிசையோடு பெரிதும் முரண்பட்டது. எந்தத் தாம்போதியை முதலில் உயர்த்துவது என்ற கேள்விக்கு நான் இதையே எடுத்துக்கொண்டேன். குருமண்வெளி–மண்டூர் படகுப்பாதை, வாகன வீதிகளை மட்டும் தெரிவுசெய்து இறக்கிய தரவில் வராததால், அதைக் கையால் சேர்த்தேன். வெள்ளக் கணிப்பில் நீக்கிவிட்டேன்.