கழற்றினால் சரியாகும் கேபிள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அதன் அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், ஒரு சர்வர். கீழே பசுந்தேயிலை எடைபோடும் அறையில், நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். குன்னூரிலிருந்து நான்தான் போய்ப் பார்த்துக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை காலை கணக்கர் அழைத்தார்: "தம்பி, நெட்டு ஆமையா ஊருது. ராத்திரி மழையில லைன் போயிருக்குமா?"

மலையில் எல்லோரும் முதலில் மழையைத்தான் சந்தேகப்படுவார்கள். அதைத் தீர்த்துக்கொள்ள, போனதும் உள்ளே இருக்கும் ரூட்டரையே கூப்பிட்டுப் பார்த்தேன்.

```
ping -t 192.168.1.1
```

ஒரு பதில் 4 மில்லி செகண்டில் வந்தது, அடுத்தது 870-இல். அப்புறம் `Request timed out.` அதே அறையில் இருக்கும் பெட்டி ஒரு மில்லி செகண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, மழைக்கும் வெளி லைனுக்கும் இதில் சம்பந்தமில்லை.

மெயின் ஸ்விட்சைப் பார்த்தேன். வழக்கமாக ஒவ்வொரு விளக்கும் தன் கணினியின் வேலைக்கேற்பத் தனித்தனியாகச் சிமிட்டும். அன்று எல்லாம் ஒரே தாளத்தில், இடைவெளியே இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஆள் உட்காராத மேசையின் விளக்கும் அப்படித்தான். ஸ்விட்சை அணைத்துப் போட்டால் சில நொடிகள் சரியாக இருந்தது, திரும்பவும் அதே கதை.

பிங்கை ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏழாவதைக் கழற்றியதும் பிங் 1 மில்லி செகண்டுக்கு இறங்கி நின்றது. எடை அறைக்குப் போகும் கேபிள் அது. கழற்றினால் சரியாகிறது, அப்படியானால் கேபிள்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, புது கேபிளே இழுத்து மாட்டினேன். மாட்டிய கையோடு விளக்குகள் மறுபடி துடித்தன. ஒன்றரை மணி நேரம் அங்கே போய்விட்டது. மேலே கணக்கர் பில் போட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான், கேபிளில் ஓடும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை லேப்டாப்பில் திறந்தேன். ஐபி முகவரி கேட்கும் ஒரே ஒரு டிஎச்சிபி கேள்வி, அதே `Transaction ID`, ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. பதில் கிடைக்காத கணினி திரும்பக் கேட்பது உண்டுதான், ஆனால் சில நொடிகளாவது பொறுத்துத்தான் கேட்கும். இங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எப்போதோ கேட்ட ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருந்தது.

எல்லோருக்கும் பொதுவாக வரும் பிராட்காஸ்ட் செய்தியை, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் ஸ்விட்ச் அனுப்பும். இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள்கள் இருந்தால், ஒன்றில் போனது மற்றொன்றில் திரும்பி வரும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. ரூட்டரைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று குறையும். அதைக் கேபிளில் சுமந்து போகும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சுற்ற ஆரம்பித்தால் நாமாக அறுக்கும் வரை சுற்றும். போதாக்குறைக்கு, கணினியின் செய்தி தப்பான போர்ட்டிலிருந்தும் வந்து சேர்வதால், அந்தக் கணினி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே ஸ்விட்ச் மாற்றி மாற்றிக் கற்றுக்கொள்ளும். நல்ல டேட்டாவும் வழி தவறிப் போகும்.

கீழே போய்ப் பார்த்தால் சின்ன ஸ்விட்சில் மேலிருந்து வந்த இரண்டு கேபிள்கள் மாட்டியிருந்தன. வளையத்தில் எந்தக் கேபிளைக் கழற்றினாலும் வளையம் அறுந்துவிடும். அதனால்தான் நல்ல கேபிளே கெட்டது போலத் தெரிந்திருக்கிறது.

நெட்வொர்க் முழுதாகப் படுக்காமல் ஊர்ந்ததற்கும் காரணம் அங்கேயே இருந்தது. கீழே இருப்பது 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்; சுற்றும் செய்தி அந்த வேகத்தைத் தாண்ட முடியாது. அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் போர்ட்டில் இருந்த கணினிகளுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சியது. 100-இல் இருந்த பிரிண்டர்களும் எடைக் கணினியும் மூச்சுத் திணறின. பிராட்காஸ்டை வைஃபை தன் மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும் என்பதால் போன்கள் அடியோடு நின்றுபோயின.

எடை அறையைக் கூட்டும் அக்கா சனிக்கிழமை தொங்கிய கேபிளைக் காலியாக இருந்த துளையில் மாட்டியிருக்கிறார். "கழண்டு கிடந்துச்சு தம்பி, பாவம் நெட்டு போயிருமேன்னு சொருகினேன்" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் புது லைன் இழுத்தபோது, பழையதன் மேல்முனையைக் கழற்றாமல் விட்டுப்போனது நான். அதை அக்காவிடமும் கணக்கரிடமும் சொன்னேன்.

சோதனைச் செய்தி அனுப்பி, வளையத்தைத் தானே கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை ராடியா பெர்ல்மன் 1985-லேயே உருவாக்கிவிட்டார். சாதாரண மலிவு ஸ்விட்சுகளில் அது இருக்காது. அடுத்த மாதம் மேலே அந்த வசதி உள்ள ஸ்விட்ச் ஒன்றைப் போட்டோம். வேண்டுமென்றே ஒரு வளையம் போட்டுப் பார்த்தேன். சற்று நேரத்தில் ஒரு போர்ட் தானாக அடைத்துக்கொண்டது. கீழே உள்ள ஸ்விட்ச் அந்தச் சோதனைச் செய்தியைத் தடுக்காமல் கடத்தியதால்தான் இது நடந்தது. சில மாடல்கள் அதை விழுங்கிவிடும், அதனால் ஒவ்வொரு இடத்திலும் இப்படிப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமையே பழைய கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, படிக்கட்டு வழியாக முழுசாக உருவி எடுத்தேன். அக்கா கீழிருந்து தள்ளிக் கொடுத்தார்.