படம் வராத கணக்கு

8 ஜூலை 2024, திங்கள்

இரவு ஒன்பது மணிக்கு டியூஷன் முடிந்து போனைப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்திலிருந்து வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒரு வரி அனுப்பியிருந்தாள். "சார், இந்தக் கணக்குல எனக்கு விடை சரியா வந்திருக்குங்க. ஆனா பாதி மார்க்தான் போட்டிருக்காங்க. ஏனுங்க சார்?"

எந்தக் கணக்கு? வரிக்கு மேலும் கீழும் ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்திருப்பாள், அது வந்து சேரவில்லை. போன் அவள் அப்பாவுடையது. தறிக்கு நைட் ஷிப்ட் போகும்போது அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அன்றைய டேட்டா தீர்ந்திருந்தால் எழுத்து மட்டும் எப்படியோ வந்துவிடும், படம் பாதியில் நின்றுவிடும். பள்ளித் தேர்வுத் தாள் என்பதால் புத்தகத்தைப் புரட்டியும் தேட முடியாது.

"படம் இல்லை, மறுபடி அனுப்பு" என்று முதலில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். அவள் போனில் படம் போன மாதிரியே தெரிந்திருக்கலாம். மறுபடி அனுப்பினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். அவளால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் இப்படி எழுதினேன்:

"கண்ணு, நீ எழுதிய வரி வந்தது, படம் வரவில்லை. கணக்கைத் தட்டச்சு செய்தே அனுப்பிவிடு. கேள்வியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை தாளில் இருக்கிற மாதிரியே எழுது. நீ போட்ட வழியையும் வரிவரியாக எழுது. அவசரமில்லை, அப்பா வந்த பிறகு அனுப்பினால் போதும்."

நீ போட்ட வழியையும் எழுது என்று சேர்த்தது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் மார்க் ஏன் குறைந்தது என்று சொல்லவே முடியாது.

9 ஜூலை, செவ்வாய்

காலை எட்டரைக்கு வந்துவிட்டது.

```
x+1/x-1=3 எனில் x-ஐக் காண்க

x+1=3(x-1)
x+1=3x-3
2x=4
x=2
```

படித்தேன். வழி சரி, விடையும் சரி. திருத்தியவர்தான் கவனிக்கவில்லை என்று எழுதப் போனேன். அனுப்பும் முன் அவளுடைய முதல் வரியை மறுபடி பார்த்தேன், கை நின்றுவிட்டது.

தாளில் பின்னத்துக்கு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டின் நீளம்தான் எது மேலே, எது கீழே, எது வெளியே என்று சொல்கிறது. போனில் தட்டும்போது அந்தக் கோடு ஒரு சாய்கோடாகச் சுருங்கிவிடுகிறது. சாய்கோட்டுக்கு நீளம் கிடையாது. அவள் தட்டிய அதே வரி தாளில் நான்கு விதமாக இருந்திருக்கலாம்:

```
(x+1)/(x-1) = 3
x + 1/(x-1) = 3
(x+1)/x - 1 = 3
x + 1/x - 1 = 3
```

மூன்றாவதற்கு விடை 1/3. நான்காவதற்கு 2+√3, 2-√3 என்று இரண்டு விடைகள் வரும். அவளுடைய வழிக்குப் பொருந்துவது முதலாவது. நானும் கேள்வியை அப்படித்தான் படித்தேன், அவளுடைய வழியைப் பார்த்துவிட்டுப் படித்ததால். அங்கேதான் தவறினேன். மாணவர் போட்ட வழியை வைத்துக் கேள்வியை ஊகித்தால், அந்த வழி எப்போதும் சரியாகத்தானே தெரியும்?

மதியம் இன்னொரு குறிப்பு அனுப்பினேன். "ஒன்று மட்டும் பார்த்துச் சொல், கண்ணு. தாளில் பின்னக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கோட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் என்ன இருக்கிறது?"

11 ஜூலை, வியாழன்

நேற்று பதில் இல்லை. இன்று சாயங்காலம் வந்தது. "கோடு சின்னதுதானுங்க சார். மேல 1 மட்டும் இருக்கு, கீழ x-1 இருக்கு. முதல்ல வர்ற x கோட்டுக்கு வெளியே தனியா நிக்குது."

ஆக, கேள்வி இரண்டாவது விதம். மார்க் ஏன் போனது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கீழே இருக்கும் x-1 ஆல் இரண்டு பக்கத்தையும் பெருக்கும்போது, வெளியே தனியாக நிற்கும் x-ஐயும் பெருக்க வேண்டும். அவள் அதை விட்டுவிட்டு, பின்னத்தையும் வலப்பக்கத்தையும் மட்டும் பெருக்கியிருக்கிறாள். சரியான வழி இது:

```
x(x-1) + 1 = 3(x-1)
x^2 - x + 1 = 3x - 3
x^2 - 4x + 4 = 0
(x-2)^2 = 0
x = 2
```

தப்பான வழியிலும் 2, சரியான வழியிலும் 2! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கணக்கு என் கையில் அகப்பட்டதில்லை. கேட்டது இருபடிச் சமன்பாடு, அதன் இரண்டு மூலங்களும் சமம். அவள் போட்டது ஒருபடிச் சமன்பாடு. திருத்தியவர் பாதி மார்க் போட்டது நியாயம்தான். செவ்வாய்க்கிழமை காலை நான் எழுதப் போனதை அனுப்பியிருந்தால், அந்தத் தவறு சரி என்று நானே அவள் மனதில் பதிய வைத்திருப்பேன். நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

"விடை தற்செயலா ஒத்துப்போச்சு" என்று சொன்னால் நம்ப மாட்டாள், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். அதனால் வலப்பக்கத்து 3-ஐ மட்டும் 4 ஆக்கி, அவளுடைய வழியிலேயே போட்டு, வந்த விடையைக் கேள்வியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த வழியில் x = 5/3 வரும். அதை வைத்தால் இடப்பக்கம் 5/3 + 3/2, அதாவது 19/6. 4 வரவில்லை. சரியான வழியில் போனால் x^2 - 5x + 5 = 0 என்று ஆகி, விடை (5+√5)/2, (5-√5)/2 என்று வரும்.

அரை மணி நேரம் கழித்து, "ஆமாங்க சார், 19/6 தானுங்க வருது. வெளியே இருக்கற x-ஐ விட்டுட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

14 ஜூலை, ஞாயிறு

வகுப்புக்கு வந்தவளிடம் இனிமேல் எப்படித் தட்டுவது என்று கொஞ்ச நேரம் பேசினேன். இரண்டே விஷயம்தான். பின்னம் வந்தால் மேலே இருப்பதற்கு ஓர் அடைப்புக்குறி, கீழே இருப்பதற்கு ஓர் அடைப்புக்குறி. ஒற்றை எழுத்தாக இருந்தால் தேவையில்லை, ஆனால் சந்தேகம் இருந்தால் போட்டுவிடு என்றேன். இரண்டாவது, வடிவியல் படம். எண்ணை மட்டும் எழுதினால் போதாது, அது எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்றும் எழுத வேண்டும். "பக்கத்துல 6-ன்னு போட்டிருக்கு" என்றால் அது AB முழுவதுக்குமா, கீழ்த்துண்டு DB-க்கு மட்டுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"படத்தையே எழுத்துல வரையணும்னு சொல்றீங்க" என்றாள். அதேதான் அம்மிணி என்றேன்.

இரவு பத்து மணிக்கு ஒன்று வந்தது. இந்த முறை படம் அனுப்ப முயற்சி செய்யக்கூட இல்லை போல.

"முக்கோணம் ABC. D புள்ளி AB மேல இருக்கு, E புள்ளி AC மேல இருக்கு. DE-யும் BC-யும் இணை. AD = 4. DB = 6, இது D-ல இருந்து B வரைக்கும் மட்டும். DE = 6. BC கேட்டிருக்காங்க. எனக்கு 9 வருதுங்க சார், 4/6 = 6/BC-ன்னு போட்டேன்."

ஒரு தாளை எடுத்து, அவள் எழுதினதை மட்டும் வைத்துப் படத்தை வரைந்தேன். எங்கும் தயங்க வேண்டியிருக்கவில்லை. தவறும் உடனே கண்ணில் பட்டது. சிறிய முக்கோணம் ADE, பெரிய முக்கோணம் ABC. AD-க்கு ஒத்த பக்கம் DB இல்லை, AB முழுவதும். AB = 10. ஆகவே 4/10 = 6/BC, BC = 15. எழுதி அனுப்பிவிட்டேன்.