நான்கு நோட்டுகளும் 78 சதவீதமும்

பதிப்பகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் நான்கே வரிகள்தான் இருந்தன. நான் அனுப்பிய தன்வரலாற்றை அவர்களுடைய முதற்கட்டப் பரிசோதனை மென்பொருள் "78% செயற்கை நுண்ணறிவு எழுத்து" என்று காட்டுகிறதாம். அப்படிப்பட்ட பிரதிகளை அவர்கள் பரிசீலிப்பதில்லையாம். வருந்துகிறோம், நன்றி.

நான் 34 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த 14 அத்தியாயங்களையும் இரண்டரை வருடம் உட்கார்ந்து நான்கு நீள நோட்டுகளில் பேனாவால் எழுதினேன். அந்த நோட்டுகள் அப்போது என் மேஜை மேல்தான் இருந்தன. கடிதத்தைப் படித்ததும் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. பிறர் எழுதியதை என் பெயரில் கொடுத்தேன் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை.

அன்றிரவே சண்டைக் கடிதம் ஒன்று எழுதினேன். நல்லவேளை, அதை அனுப்பவில்லை. மறுநாள் காலையில் வேறொரு கடிதம் எழுதினேன். முழுப் பிரதிக்கும் ஒரே எண் சொல்கிறீர்கள், எந்தெந்த அத்தியாயத்தில் சந்தேகம் என்று காட்டும் முழு அறிக்கையைத் தர முடியுமா, மூலக் கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது, அதை ஒரு மனிதர் பார்ப்பாரா என்று மட்டும் கேட்டேன். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் அந்த அறிக்கையை வாங்குங்கள். அது கைக்கு வராமல் எதை மறுப்பது என்றே தெரியாது.

ஒன்பது நாள் கழித்து உதவி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். "டீச்சர், அந்த 78-ஐ நூறு வரியில் 78 வரி இயந்திரம் எழுதியது என்று எடுத்துக்கொள்ளாதீங்க. சில மென்பொருளில் அப்படித்தான் அர்த்தம். எங்களுடையதில் அது சந்தேகத்தோட அளவு, அவ்வளவுதான்" என்றாள். அறிக்கையையும் அனுப்பிவைத்தாள். ஒன்பது அத்தியாயங்களில் சிக்கலே இல்லை. 2, 3, 4, 9, 12 என்ற ஐந்தும்தான் சிவப்பாக இருந்தன.

அந்த ஐந்தையும் அச்செடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தின் இரண்டாம் பத்தியில் கை நின்றுவிட்டது. நோட்டில் நான் எழுதியிருந்தது: "அப்பா பேசவே மாட்டார். செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் அவர் மனசு தெரியும்." அச்சில் இருந்தது: "என் தந்தை மிகவும் அமைதியான சுபாவம் கொண்டவர். அவரது காலடி ஓசையைக் கொண்டே அவரது மனநிலையை நாங்கள் உணர்ந்துகொள்வோம்."

பொருளில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அது நான் எழுதியதில்லை.

என் அண்ணன் மகள்தான் பிரதியைக் கணினியில் ஏற்றித் தந்தவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, பக்கங்களை போனில் படம் பிடித்து எழுத்தாக மாற்றுகிற செயலியில்தான் போட்டேன். மூணு, நாலு ரெண்டு அத்தியாயத்திலும் ஒரே பிழை. கையால திருத்தி முடியலை. 'சீராக்கு'ன்னு ஒரு பட்டன் இருந்தது, அழுத்திட்டேன். எழுத்துப்பிழையை மட்டும்தான் சரிபண்ணும்னு நினைச்சேன்."

அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த இரண்டையும் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது எழுதினேன், கையெழுத்து ஓடியிருந்தது. வேகமாக எழுதினால் புள்ளி விட்டுப்போகும், 'க்' இருக்கவேண்டிய இடத்தில் 'க' நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே விழும். மனிதக் கண் சொல்லை வைத்து அதைச் சரியாகப் படித்துவிடும். செயலிக்குத் தடுமாற்றம்தான். பிறகு அந்தப் பட்டன் வந்து, தடுமாறிய வரிகளைத் திருத்துவதற்குப் பதிலாகத் தனக்குப் பழகிய நடையில் புதிதாகவே எழுதிவிட்டது. ஆக, அந்த இரண்டு அத்தியாயங்களைப் பொறுத்தவரை மென்பொருளின் சந்தேகம் நியாயமானதுதான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

மறைக்கலாமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. நடந்ததை அப்படியே உதவி ஆசிரியருக்கு எழுதினேன். 3, 4 இரண்டையும் நோட்டில் உள்ளபடி, பிழை இருந்தால் பிழையோடு, நானே ஒற்றை விரலால் தட்டச்சு செய்து அனுப்பினேன். பதினொரு நாள் பிடித்தது. மறுபடி சோதித்ததில் அவை இரண்டும் சிவப்பிலிருந்து இறங்கிவிட்டன.

மிச்சமிருந்த மூன்றில்தான் குழப்பம். 2, 9, 12 ஆகியவற்றில் அச்சும் நோட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. அவற்றில் எந்தப் பட்டனும் கை வைக்கவில்லை. பின்னே ஏன் சிவப்பு?

இந்த மென்பொருள்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று தேடிப் படித்தேன். பெரும்பாலானவை பார்ப்பது ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான். எதிர்பார்த்த சொல்லே தொடர்ந்து வந்தால், வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால், சந்தேகம் கூடுகிறது. எழுதியவர் யார் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. நடையை மட்டும்தான் அது பார்க்கிறது.

இதைப் படித்ததும் அந்த மூன்று அத்தியாயங்களையும் திரும்ப எடுத்தேன். மூன்றும் என் வகுப்பறையைப் பற்றியவை. "முதலாவதாக", "இதன் காரணமாக", "இதிலிருந்து நாம் அறிவது" என்று வரிசையாக நடந்தன. முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் மாதிரிக் கட்டுரை எழுதிய கை, பள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் பழைய தடத்திலேயே போயிருக்கிறது. ஊகிக்கும்படி எழுது, ஒழுங்காக எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

இதைச் சொன்னால் போதாது, காட்டவேண்டும். அதற்கு ஒரு வழி கிடைத்தது. 1997-இல் பள்ளி ஆண்டு மலருக்கு நான் எழுதிய கட்டுரை ஒன்று அலமாரியில் இருந்தது. சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததே 2022 நவம்பர் 30-இல்தான். அந்தக் கட்டுரையை ஒரு சொல்கூட மாற்றாமல் தட்டச்சு செய்து, மலரின் அட்டையையும் அச்சான பக்கங்களையும் படமெடுத்துச் சேர்த்து, "இதையும் உங்கள் மென்பொருளில் போட்டுப் பாருங்கள்" என்று அனுப்பினேன். வந்த விடை 74%.

கூடவே பொதுவெளியில் தெரிந்த இரண்டு செய்திகளையும் குறித்து அனுப்பினேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று சொல்லி அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் சோதித்தபோது, மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதம் இயந்திர எழுத்து என்று முத்திரை வாங்கின. எளிய, ஒழுங்கான நடையில் எழுதுகிறவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். ஆங்கிலத்திலேயே இப்படி. பதிப்பகம் பயன்படுத்திய மென்பொருளின் உதவிப் பக்கத்தில் இருந்த மொழிப் பட்டியலைப் பார்த்தேன், அதில் தமிழே இல்லை.

இடையில் ஒரு தப்பும் செய்தேன். பதற்றத்தில் என் அத்தியாயத்தை மூன்று இலவசச் சோதனைத் தளங்களில் போட்டுப் பார்த்தேன். ஒன்று 12 என்றது, ஒன்று 0, இன்னொன்று 91. அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை. வெளிவராத என் எழுத்தை முகம் தெரியாத தளங்களில் விட்டுவிட்டேனே என்று பிறகு தூக்கம் கெட்டதுதான் மிச்சம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் முதன்மை ஆசிரியர் நேரில் வரச் சொன்னார். நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. கணினி எழுதினதைப் பார்த்துக் கையால் நகல் எடுத்திருக்கலாமே? நோட்டு இருக்கிறது என்பது மட்டும் எப்படிச் சாட்சியாகும்?"

சரியான கேள்வி. அதற்கு விடை என் தொழிலிலேயே இருந்தது. பார்த்து எழுதிய விடைத்தாள்களை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். பார்த்து எழுதுகிறவன் செய்யும் பிழை கண்ணின் பிழை. ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால் கண் தாவி, நடுவில் ஒரு வரி விட்டுப்போகும். அல்லது ஒரே சொல் இரண்டு முறை விழும். அடித்தல் அபூர்வம், அடித்தாலும் உடனே சரியான சொல் வந்துவிடும். யோசித்து எழுதுகிறவனின் அடித்தல் வேறு மாதிரி. வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும், அடுத்த வரியில் வேறு விதமாகத் தொடங்கும். ஓரத்தில் எழுதிய வரி அம்புக்குறி போட்டு உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்.

ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்தேன். ஒரு மாணவன் பள்ளியை விட்டு நின்ற நாளைப் பற்றிய பக்கம். "அன்று நான் அழுதேன்" என்று எழுதி அடித்திருந்தேன். மேலே "அழவில்லை". அதையும் அடித்து, பக்கத்தில் "அழுதேனா என்று நினைவில்லை". அதற்குக் கீழே நீலமை தீர்ந்துபோய் கறுப்பு மையில், "வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை மறுநாளும் கூப்பிட்டேன்." முதல் மூன்றும் அடிபட்டுக் கிடக்க, அந்த நாலாவது வரிதான் அச்சுப் பிரதியில் இருந்தது.

ஆசிரியர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவராகவே முன்னும் பின்னும் புரட்டி, ஆங்காங்கே ஏழெட்டு இடங்களில் அச்சோடு வைத்து ஒப்பிட்டார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நோட்டுகளைத் தரமாட்டேன், வேண்டிய பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் அதைத்தான் விரும்பினார்.

2, 9, 12 மூன்றும் அந்த மென்பொருளில் இன்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. பச்சையாக்குவதற்காக என் வாக்கியங்களைக் கலைத்துப்போட நான் சம்மதிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அறிக்கையின் மேல் ஆசிரியர் "மூலப்பிரதி பார்த்தேன், ஒத்திருக்கிறது" என்று எழுதித் தேதியிட்டுக் கோப்பில் வைத்தார். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது: கையெழுத்தைக் கணினியில் ஏற்றச் செயலி பயன்படுத்தப்பட்டது, நூலின் வாசகம் கையெழுத்துப் பிரதிப்படி சரிபார்க்கப்பட்டது என்று. முதல் மின்னஞ்சலிலிருந்து அந்தக் கையொப்பம் வரை பத்து வாரம் ஆனது.

போன வாரம் முதல் மெய்ப்பு வந்தது. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். நாலாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் "மனநிலை" என்று இருந்தது. நான் தட்டச்சு செய்தபோது அச்சுப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் "மனசு" என்று எழுதி அனுப்பினேன்.