குறிப்புகள் இருந்தன, அத்தியாயம் இல்லை

முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, நுண்கடனால் பெண்களுக்கு அதிகாரம் கூடுகிறதா என்பது. படித்த கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு கையில் இருந்தது. ஆண்டு வாரியாக ஒட்டினால், முந்தைய ஆய்வுகளைப் பேசும் இரண்டாம் அத்தியாயம் தயார். துறை நூலகத்தில் பாதி ஆய்வேடுகள் அப்படித்தான். நெறியாளர் கேட்டது ஒன்றுதான்: "இவங்க எல்லாம் எங்கேம்மா முரண்படறாங்க?"

1996இல் வந்த இரண்டு கட்டுரைகளில் பிடி கிடைத்தது. இரண்டும் வங்கதேசத்தைப் பற்றியவை, ஒரே இதழில் வந்தவை. கோட்ஸும் சென் குப்தாவும், பெண் பெயரில் வாங்கிய கடனைப் பல வீடுகளில் ஆண்களே கையாள்கிறார்கள் என்றார்கள். ஹஷேமி, ஷூலர், ரைலி மூவரும் கிராமீன், பிராக் கடன் திட்டங்களில் சேர்ந்த பெண்களின் அதிகாரம் கூடியது என்றார்கள். அடுத்தடுத்து சுருக்கம் எழுதினால் யாரோ ஒருவர் தப்பு என்றுதான் தோன்றும். ஆனால் முதலாமவர்கள் பார்த்தது கடன் யார் கட்டுப்பாட்டில் என்பதை. மற்றவர்கள் வெளியே போய்வருவது, பொருள் வாங்குவது, குடும்ப முடிவுகளில் பங்கு என்று பலவற்றைச் சேர்த்து அளந்தார்கள். கபீர் 2001இல் இதே முரணைத்தான் எடுத்துப் பேசுகிறார்.

அப்புறம் எக்ஸலில் கட்டுரைக்கு ஒரு வரிசை போட்டேன். இடம், முறை, கடன் யார் கையில், அதிகாரம் என்று எதை அளந்தார்கள், முடிவு என்பவை பத்திகள். தகவல் இல்லாத கட்டத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதினேன். இதைக் குறுக்காகப் படித்தால் மறுபடியும் சுருக்கம்தான். மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். 'எதை அளந்தார்கள்' பத்தி தானாகவே கூறு பிரிந்து முதல் உட்பிரிவு ஆனது.

'பெண்களின் அதிகாரம்' என்று வைத்திருந்த தலைப்பைத் தூக்கிவிட்டேன். எல்லாக் கட்டுரையும் அடங்கும் தலைப்பு எதையும் பிரிப்பதில்லை. இரண்டு விடை வரக்கூடிய கேள்வியாக இருந்தால்தான் அதன் கீழ் எழுத விஷயம் இருக்கும்.

முறை பற்றிய உட்பிரிவில் மட்டும் ஆண்டு வரிசையை விட்டுவைத்தேன், அங்கே ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்கிறார்கள். பிட், கந்த்கர் 1998இல் சொன்னதை, ரூட்மனும் மார்டக்கும் அதே தரவை எடுத்து 2014இல் கேள்விக்குள்ளாக்கினார்கள். 2015இல் வெளியான ஹைதராபாத் சோதனை, குலுக்கல் முறையில் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தும் பெண்களின் அதிகாரத்தில் சொல்லும்படியான மாற்றம் காணவில்லை. ஹஷேமி கட்டுரை இங்கேயும் ஒரு முறை வருகிறது: குழுவில் சேர்ந்தவர்கள் முன்பே துணிச்சல்காரர்களாக இருந்திருந்தால்?

எழுதிய பிறகு, பாராக்களின் முதல் வாக்கியங்களை மட்டும் படித்துப் பார்த்தேன். "கோட்ஸ் கூறுகிறார்" என்று தொடங்கியதை, "கடன் யார் கையில் என்று பார்த்த ஆய்வுகள் நம்பிக்கை தருவதில்லை" என்று மாற்றினேன். ஆசிரியர் பெயர் பாராவுக்குள் தள்ளிப் போனது.

திருப்பிச் செலுத்தும் விகிதம் பற்றிய கட்டுரைகள் எதிலும் ஒட்டவில்லை. அவற்றில் இரண்டை முன்னுரைக்கு அனுப்பிவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். 'சொல்லவில்லை' அதிகம் விழுந்த பத்தி வேறு வேலைக்கு உதவியது. சுய உதவிக்குழுக் கடனும் தனியார் நிதி நிறுவனக் கடனும் ஒரே பெண்ணிடம் இருந்தால், இரண்டையும் ஒருவரேதான் கையாள்கிறாரா? நான் சேர்த்த கட்டுரைகளில் அதற்கு விடை இல்லை. என் ஆய்வுக் கேள்வியாக அதையே வைத்தேன்.