வேலைக்குப் போய்க்கொண்டே ரெதாக்தர் தேர்வு: மூன்று மணி நேரத்துக்கு உடம்பைப் பழக்கிய கதை

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குக் கல்யாணமாகி வந்த புதுச்சேரிக்காரி நான். வீடு சேந்த் ஆந்த்ரேயில், வேலை சேன் தெனியில் ஒரு கடையின் கணக்குப் பிரிவில். காலை ஆறே காலுக்கு மஞ்சள் பஸ் பிடித்தால் நெரிசலில் ஊர்ந்து எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேரலாம், திரும்பி வீட்டுக்குள் கால் வைக்கும்போது ஏழு. இந்த நேரத்தை வைத்துக்கொண்டு ரெதாக்தர் தெரிதோரியால் கோங்கூர் எழுதினேன். மெரி, தெபார்த்மான் போன்ற உள்ளாட்சி அலுவலகங்களில் பி பிரிவு வேலைக்கான போட்டித் தேர்வு அது. எல்லாப் பாடத்தையும் பற்றி எழுதப் போவதில்லை, என்னைப் பாடாய்ப் படுத்திய நோத் தாளைப் பற்றி மட்டும்தான்.

வெளியாட்களுக்கான எக்ஸ்தெர்ன் பிரிவில் எழுத்துத் தேர்வு இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒன்று நீங்கள் தேர்ந்தெடுத்த துறையில் கேள்வி பதில். எந்தத் துறை என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், அதனால் அவசரத்தில் எதையோ தட்டாதீர்கள். நான் பொதுச் சட்டம் எடுத்தேன். இன்னொன்றுதான் நோத்: இருபது இருபத்தைந்து பக்கத்துக்கு ஒரு தோசியே கொடுப்பார்கள், அதில் சட்டப் பகுதி, பத்திரிகைக் கட்டுரை, ஏதோ ஒரு ஊர் மெரி செய்த வேலையின் விவரம் எல்லாம் கலந்து கிடக்கும், அதை மட்டும் வைத்து மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். சொந்தக் கருத்து கூடாது, வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. இருபதுக்கு ஐந்துக்குக் கீழே வாங்கினால், மற்ற தாளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் வெளியேதான்.

மார்ச்சில் தொடங்கினேன், தேர்வு அக்டோபரில். முதல் ஒன்றரை மாதம் செய்தது சுத்த வீண். ராத்திரி சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, ஒன்பதரைக்கு தோசியேவைத் திறப்பேன். ஒரே பத்தியை மூன்று தடவை படித்தும் என்ன படித்தேன் என்று சொல்ல முடியாது. அதைவிட மோசமான அறிகுறி ஒன்று இருந்தது, அப்போது எனக்குத் தெரியவில்லை: களைத்த மூளை சுருக்குவதில்லை, நகலெடுக்கிறது. புதுச்சேரிக்காரர் ஒரு அண்ணன் மெரியில் வேலை பார்க்கிறார், நான் எழுதியதை அவரிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, நோத் எழுதச் சொன்னா பேப்பர் கட்டிங் ஒட்டின நோட்டு மாதிரி இருக்கு" என்றார். பார்த்தால் உண்மை. முதல் பத்தி முழுக்க முதல் ஆவணம், இரண்டாம் பத்தி முழுக்க இரண்டாவது. வாக்கியங்கள்கூட அப்படியே அங்கிருந்து வந்தவை.

அன்றோடு ராத்திரிப் படிப்பை நிறுத்தினேன். ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தேன். நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு மணி நேரம், அவ்வளவுதான், அதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஆனால் மூன்று மணி நேரத் தாளை ஒரு மணி நேரத்தில் எப்படிப் பழகுவது? அதைத் துண்டு போட்டேன். செவ்வாய்க்கிழமை படிப்பு மட்டும்: முதலில் கேள்வியையும் ஆவணப் பட்டியலையும் இரண்டு தடவை படித்து, என்ன கேட்கிறார்கள், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகே உள்ளே போவது. குறிப்பெடுக்க ஆவணத்துக்கு ஒரு தாள் வைக்கவில்லை, விஷயத்துக்கு ஒரு தாள் வைத்தேன். இப்போதைய நிலை ஒன்றில், சட்டம் என்ன சொல்கிறது என்பது இன்னொன்றில், மெரி என்ன செய்யலாம் என்பது மூன்றாவதில். எந்த ஆவணத்தில் எது கிடைத்தாலும் அதற்கான தாளில் போய் உட்காரும், ஒட்டு வேலை செய்ய வழியே இருக்காது. புதன்கிழமை அந்தத் தாள்களை மட்டும் வைத்து இரண்டு பகுதியாகத் திட்டம். வியாழன் முன்னுரையும் முதல் பகுதியும், தோசியேவைத் திறக்காமல். மறுபடி திறக்க வேண்டியிருந்தால் செவ்வாய்க்கிழமைக் குறிப்பு சரியில்லை என்று அர்த்தம். திங்களும் வெள்ளியும் சட்டத் தாளுக்கு. பஸ்ஸில் கனமான எதையும் படிக்கவில்லை, முந்தின நாள் எழுதிய சின்ன அட்டைகளைப் புரட்டுவேன், திரும்பி வரும்போது தூங்குவேன். அந்தத் தூக்கத்துக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

துண்டு போட்டுப் பழகியதில் ஒரு ஓட்டை இருந்தது. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக முழுத் தாளையும் ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தேன், கணவர் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தார். படித்து முடிக்கவே ஒரு மணி ஐம்பது நிமிடம். மூன்று மணி நேரம் முடிந்தபோது இரண்டாம் பகுதி நாலு வரியில் நின்றது. இன்னொரு பிரச்சினை கை. வருஷம் முழுக்க கம்ப்யூட்டரில் தட்டுகிறவளுக்கு இரண்டாம் பக்கத்திலேயே கட்டைவிரல் இழுத்துக்கொண்டது, எழுத்து கோணிப் போனது. அதற்குப் பிறகு அட்டை, ஷாப்பிங் பட்டியல் எல்லாவற்றையும் பேனாவால்தான் எழுதினேன், தேர்வுக்குக் கொண்டுபோகப் போகிற அதே பேனாவால்.

நேரத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆனதும், திட்டம் உட்பட எல்லாம் முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் எழுதத் தொடங்க வேண்டும். படிக்க அறுபத்தைந்து நிமிடம், திட்டத்துக்கு இருபத்தைந்து, எழுத எண்பது, திரும்பிப் பார்க்கப் பத்து. கடைசி ஆவணம் படிக்காமல் விட்டுப்போனால் நஷ்டம் கொஞ்சம்தான். இரண்டாம் பகுதி இல்லாத நோத் முடியாத நோத், அதைத் திருத்துகிறவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இப்படி முழுத் தாள். நடு ஞாயிறு விடுமுறை, உண்மையான விடுமுறை. ஜூலையில் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு வந்தது, அந்தப் பத்து நாளும் அட்டை மட்டும், காலை ஐந்தரை வரை தூக்கம். அதை ஈடுகட்ட ஆகஸ்டில் இரட்டிப்பாகப் படிக்கவும் இல்லை. அப்படிச் செய்த ஒரு தோழி செப்டம்பரில் காய்ச்சலில் விழுந்து இரண்டு வாரம் போக்கடித்தாள்.

பயிற்சிக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் முன்னால், தேர்வு நடத்துகிற சாந்த்ர் து ஜெஸ்தியோன் தளங்களில் பழைய தாள்களும் 'நோத் து காத்ராஜ்' என்ற விளக்கக் குறிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன, அதை முதலில் படியுங்கள். எதற்கு மதிப்பெண் போகும் என்பது அதிலேயே இருக்கிறது. விடைத்தாளில் பெயர், கையெழுத்து, நீங்களாகக் கற்பனை செய்த அதிகாரி பெயர், எதுவும் கூடாது, அடையாளம் வைத்ததாக எடுத்துக்கொண்டு தாளையே தள்ளிவிடலாம்.

www.concours-territorial.fr தளத்தில் முன்பதிவு செய்தால் மட்டும் போதாது, குறித்த தேதிக்குள் உள்ளே போய் உறுதிசெய்தால்தான் பதிவு. நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் அந்த வாய்ப்பையே இழந்தேன், அடுத்ததற்கு இரண்டு வருஷம் காத்திருந்தேன். இந்தியப் படிப்புச் சான்றிதழ் உள்ளவர்கள் அது பிரெஞ்சுச் சான்றிதழுக்குச் சமம் என்று ஏற்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பதிவுக்கு வெகு முன்னாலேயே தொடங்குங்கள். மூன்று பிள்ளை வளர்த்தவர்களுக்கு, அப்பாவோ அம்மாவோ, சான்றிதழே தேவையில்லை. எனக்கு இரண்டுதான், மாமியார் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

நோத்தில் பன்னிரண்டரை, சட்டத்தில் பதினொன்று, பிறகு இருபது நிமிட வாய்மொழித் தேர்வு. பெயர் பட்டியலில் வந்துவிட்டது. ஆனால் பட்டியலில் வந்தால் வேலை வந்ததாகாது, இடம் காலியாக இருக்கிற மெரியை நாமேதான் தேட வேண்டும், பட்டியல் முதலில் இரண்டு வருஷம் செல்லும், பிறகு கேட்டால் நான்கு வரை நீட்டிப்பார்கள். இப்போது நாலரை மணிக்கு எழுந்து வேலை கேட்டுக் கடிதம் எழுதுகிறேன்.