சார்ட்டின் தலைப்பை மாற்றப் போய் சார்ட்டையே மாற்றினோம்

வயது வந்த பெண்களுக்கான மாலை வகுப்புகள் இன்னும் தேவையா என்ற கேள்வியை வைத்து நாங்கள் சிலர் ஓர் அறிக்கை தயாரித்தோம். அதில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு எண்களை வைத்து வரைந்த சார்ட்டுகள் நிறைய. தலைப்புகள் எல்லாம் ஒரே அச்சு: “தமிழ்நாடு: ஆண், பெண் எழுத்தறிவு விகிதம், 1991–2011”, “மாவட்ட வாரியாக எழுத்தறிவு விகிதம், 2011”. வரைவை எங்கள் குழுவில் மூத்தவரான, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் சார்ட்டிலேயே நின்றுவிட்டார். “ரெண்டு கோடும் மேல போகுது தம்பி, அது தெரியுது. இதுல நான் எதைப் பார்க்கணும்னு சொல்லு” என்றார். நான் வாயால் ஒரு பதில் சொன்னேன். “அதையே மேல எழுதிடேன்” என்றார்.

ஒரு வரி எழுதுகிற வேலைதானே என்று உட்கார்ந்தது, கடைசியில் சார்ட்டையே வேறாக வரைய வைத்தது. எப்படி என்று விவரமாக எழுதுகிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எண்கள். தமிழ்நாட்டில் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 1991-இல் ஆண்கள் 73.75%, பெண்கள் 51.33%. 2001-இல் 82.42%, 64.43%. 2011-இல் 86.77%, 73.44%. சார்ட்டில் இருந்தது இந்த ஆறு எண்கள்தான், இரண்டு கோடுகளாக.

நான் அக்காவிடம் சொன்ன பதில் ஏறக்குறைய இப்படி இருந்தது: “தமிழ்நாட்டில் ஆண்–பெண் எழுத்தறிவு இடைவெளி வேகமாகக் குறைகிறது.” பழைய தலைப்பில் தப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. இது சொல்கிறது, அதனால் இதைச் சரிபார்க்க முடியும், சரிபார்த்தே ஆகவேண்டும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இதைத் தாங்கும் எண் எது என்று கேட்டுக்கொண்டு போனேன்.

“வேகமாக” முதலில் விழுந்தது. இடைவெளி 1991-இல் 22.42 சதவீதப் புள்ளி, 2001-இல் 17.99, 2011-இல் 13.33. முதல் பத்தாண்டில் குறைந்தது 4.43, அடுத்ததில் 4.66, அதாவது கிட்டத்தட்ட ஒரே சீர். வேகம் என்று சொல்ல வேண்டுமானால் எதைவிட வேகம் என்று காட்ட வேண்டும், வேறு மாநிலமோ முந்தைய பத்தாண்டுகளோ சார்ட்டில் இல்லை. அப்புறம் “குறைகிறது”. எங்களிடம் இருந்த கடைசி எண் 2011-உடையது, 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. ஆகவே “2011 வரை குறைந்தது” என்பதுதான் கையில் இருக்கும் எண்கள் அனுமதிக்கும் காலம். நிகழ்காலத்தில் எழுதினால் இன்றைய நிலவரம் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்.

மிஞ்சியது “இடைவெளி”. அதிக நேரம் பிடித்தது இந்தச் சொல்தான். புள்ளிகளில் கழித்துப் பார்த்தால் 22 என்பது 13 ஆகியிருக்கிறது, சந்தேகமில்லாத குறைவு. ஆனால் எங்கள் அறிக்கை யாரைப் பற்றியது? எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றியது. அவர்கள் பக்கத்திலிருந்து அதே எண்களைத் திருப்பிப் பார்த்தேன். 1991-இல் எழுத்தறிவு இல்லாத பெண்கள் 48.67%, ஆண்கள் 26.25%. வகுத்தால் 1.85 மடங்கு. 2011-இல் பெண்கள் 26.56%, ஆண்கள் 13.23%. வகுத்தால் 2.01 மடங்கு. கழித்தால் இடைவெளி குறைகிறது, வகுத்தால் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியும் இருக்கிறது. இரண்டுமே அதே ஆறு எண்களிலிருந்து வந்தவை, இரண்டுமே சரி.

இது கண்கட்டு வித்தை இல்லை. ஆண்களில் எழுத்தறிவு இல்லாதோர் விகிதம் பாதியாகக் குறைந்துவிட்டது, பெண்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான சரிவு. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும்போது கழித்தல் விடை சுருங்கும், வகுத்தல் விடை அப்படியே நிற்கும். “பாலின இடைவெளி குறைந்தது” என்று வெறுமனே எழுதினால், எந்தக் கணக்கில் என்று தெரியாமலேயே வாசகர் தலையாட்டிவிடுவார். தலைப்பில் கண்டறிந்ததைச் சொல்கிறோம் என்றால், அளவைச் சொல்லாமல் விட முடியாது: “22 புள்ளியிலிருந்து 13 புள்ளியாக” அல்லது “இரு மடங்கு” என்று இருக்க வேண்டும். இன்னொன்று, 22 புள்ளி என்பதை 22 சதவீதம் என்று எழுதவே கூடாது, அது வேறு கணக்கு.

இரண்டில் எதைப் போடுவது என்பதை எண்கள் தீர்மானிக்காது, அறிக்கையின் கேள்விதான் தீர்மானிக்கும். சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்புவதில் எவ்வளவு முன்னேறினோம் என்பது கேள்வியாக இருந்தால் புள்ளிக் கணக்கு பொருத்தம் என்பேன். எங்கள் கேள்வி மாலை வகுப்பு. அந்த வகுப்பில் வந்து உட்காரப்போகிறவர்கள் விடுபட்டவர்கள்தான். எனவே தலைப்பு இப்படி அமைந்தது: “எழுத்தறிவு இல்லாதோர் விகிதம் பெண்களிடம் 2011-இலும் ஆண்களைப்போல் இரு மடங்கு.” புள்ளிக் கணக்கை மறைக்கவில்லை, கீழே முதல் பத்தியிலேயே எழுதினோம்.

தலைப்பை ஒட்டிவிட்டு சார்ட்டைப் பார்த்தால் அங்கே இரு மடங்கு எங்கேயும் தெரியவில்லை! இரண்டு கோடுகள் மேலே ஏறி ஒன்றையொன்று நெருங்குகின்றன. இரு மடங்கைக் காண வேண்டுமானால் கோட்டுக்கு மேலே 100 வரை இருக்கும் வெற்றிடத்தைக் கண்ணால் அளந்து ஒப்பிட வேண்டும். போதாக்குறைக்கு அச்சு 40-இல் தொடங்கி 90-இல் முடிந்தது, அந்த வெற்றிடத்தில் ஒரு பகுதி பெட்டிக்கு வெளியே போய்விட்டது. சரி, சார்ட்டை மாற்றினோம். எழுத்தறிவு பெற்றோர் விகிதத்துக்குப் பதில் பெறாதோர் விகிதம், கோட்டுக்குப் பதில் பட்டை, அச்சு பூஜ்யத்தில் தொடக்கம், ஆண்டுக்கு ஓர் இணைப் பட்டை. 2011-இன் இணையில் ஒரு பட்டை மற்றதைப்போல் இரண்டு பங்கு உயரம், எண் படிக்காமலே தெரிகிறது. 1991-இன் இணையும் பக்கத்திலேயே நிற்பதால் இரு தரப்பும் எவ்வளவு இறங்கி வந்திருக்கிறது என்பதும் கண்ணில் படுகிறது.

குழுவில் இன்னும் இரண்டு தலைப்புகளை நண்பர்கள் முன்வைத்தார்கள். “நாலில் ஒரு பெண் பள்ளிக்கே போகாதவர்” என்பது ஒன்று. கணக்கெடுப்பு கேட்பது, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரியுமா என்பதை. பள்ளிக்குப் போய் மறந்தவர்களும் உண்டு, போகாமலே கற்றவர்களும் உண்டு. அளந்தது ஒன்று, தலைப்பு சொல்வது இன்னொன்று என்றாகிவிடும். இரண்டாவது, 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தைக் காரணமாகச் சொல்லும் தலைப்பு. அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதற்குப் பங்கு இருக்கும் என்றும் நம்புகிறேன். ஆனால் ஆறு பட்டைகளில் காரணம் தெரியாது. “ஆல்”, “காரணமாக”, “விளைவாக” போன்றவை தலைப்பில் வந்தால் அதற்கான ஆதாரம் அதே சார்ட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாதம் உடன்வரும் பத்திக்குப் போகட்டும்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2018-இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே சார்ட்டுக்கு எதிரெதிர்ச் சாய்வுள்ள தலைப்புகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். படித்தவர்கள் செய்தி என்று சொன்னது தலைப்புக்கு ஏற்ப மாறியது, ஆனாலும் பெரும்பாலானோர் தாங்கள் பார்த்த சார்ட் நடுநிலையானது என்றே நினைத்தார்கள். தலைப்பில் நாம் எழுதுவதைத்தான் வாசகர் எடுத்துக்கொண்டு போகிறார், அது நம் தேர்வு என்பதையும் அவர் கவனிப்பதில்லை. அதனால்தான் பழைய தலைப்பை நாங்கள் தூக்கி எறியவில்லை. அது சிறிய எழுத்தில் இரண்டாம் வரியாக இறங்கியது: “எழுத்தறிவு இல்லாதோர், 7 வயதும் மேலும், சதவீதம். தமிழ்நாடு, 1991, 2001, 2011. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.” முதல் வரியை நம்பாதவர் இரண்டாம் வரியை வைத்து தானே சோதித்துக்கொள்ளலாம்.

மாவட்ட சார்ட்டுக்கு மட்டும், எதைப் பற்றியது என்று மட்டும் சொல்லும் பழைய பெயர்த் தலைப்பையே விட்டுவிட்டோம். 2011-இல் 32 மாவட்டங்கள், முதலில் கன்னியாகுமரி 91.75%, கடைசியில் தருமபுரி 68.54%. “கன்னியாகுமரி முதலிடம், தருமபுரி கடைசி” என்று போடலாம்தான், ஆனால் வரிசைப்படுத்தின எந்தப் பட்டியலிலும் முதலும் கடைசியும் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறப்பவர் தேடுவது தன் மாவட்டத்தை, அதற்கு “மாவட்ட வாரியாக எழுத்தறிவு விகிதம், 2011” போதும்.

வேலைப் பக்கம் ஒரு தொல்லை, தமிழில் எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பெயர்த் தலைப்பு குறுகியது, வாக்கியத் தலைப்பு இரண்டு வரிக்குப் போகும். நான் வரைவது மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் நூலகத்தில். என்னிடம் இருந்த பதிப்பில் தமிழ் எழுத்து சரியாகக் கோக்கப்படாமல் கொம்புகள் இடம் மாறி விழுந்தன. தலைப்பைப் படத்தில் போடாமல் ஆவணத்தில் தட்டச்சு செய்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் படத்தை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பும்போது தலைப்பு பின்தங்கிவிடுகிறது. எஸ்விஜி-யாகச் சேமித்து, எழுத்தை எழுத்தாகவே விடச் சொன்னால் பிரவுசர் அதைச் சரியாகக் கோத்துக் காட்டுகிறது, அங்கிருந்து படமாக எடுத்துக்கொள்ளலாம்:

```python
plt.rcParams["svg.fonttype"] = "none"
ax.set_title(thalaippu, loc="left")
```

இடப்பக்கம் ஒட்டி வைத்தால் இரண்டு வரித் தலைப்பு வாசிக்க எளிது. வரியை நீளத்தைப் பார்த்து முறிக்காமல் பொருளைப் பார்த்து முறியுங்கள், “பெண்களிடம்” என்பதற்கு முன் முறித்தால் நன்றாக நின்றது.

எண் மாறினால் தலைப்பும் பொய்யாகிவிடும் என்பதால், விரிதாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் அதைத் தாங்கும் கணக்கையும் வைத்தோம். ஆண்கள் B, பெண்கள் C நெடுவரிசை, 2011 நான்காம் வரிசை என்றால்:

```
=(100-C4)/(100-B4)
```

2011-இன் தற்காலிக எண்கள் 86.81, 73.86 என்று முதலில் வந்தன, அவற்றைப் போட்டாலும் 1.98 தான் வருகிறது, ஆகவே “இரு மடங்கு” நிற்கும். 1.9-க்குக் கீழோ 2.1-க்கு மேலோ போனால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி அமைத்திருக்கிறோம். அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் முதலில் திறக்கப்போவது அந்தத் தாளைத்தான்.